நெத்திலிக் கருவாட்டில் மணல் புகார்: சொந்த பிராண்டு கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கத்துச் சப்ளையரிடம் நெத்திலிக் கருவாடு வாங்கித் தன் கடைப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கு, "வாயில் நறநறங்குது" என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமாக என்ன செய்வார்கள்? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சப்ளையருக்கு ஒரு போன். அவரும் "நல்லா அலசிட்டுச் சமைக்கச் சொல்லுங்க சார்" என்பார். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

முதல் தவறு இங்கேதான். பாக்கெட்டின் லாட் எண்ணைக் கேட்டு வாங்காமல் பணத்தை மட்டும் கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. புகார்களை வந்த தேதிப்படி அடுக்காமல் லாட் வாரியாக அடுக்கிப் பாருங்கள். எல்லா லாட்டிலும் சமமாக வந்தால் காயவைக்கும் முறையிலேயே கோளாறு. ஓரிரு லாட்டில் மட்டும் குவிந்தால், அந்தச் சரக்கு வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம்.

அடுத்தது, சப்ளையரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் அவருடைய பேக்கிங் அறையை மட்டும் பார்த்துவிட்டு வருவது. தலையுறை, கையுறை, கழுவிய தரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மணல் சேர்வது காயவைக்கும் களத்தில். வலை விரித்த பரணில் காய்கிறதா, கடற்கரை மணலிலேயே கொட்டிக் கிடக்கிறதா என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பரணைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவதும் தவறுதான். கணக்கைக் கேளுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உதாரணத்துக்கு, புகார் வந்த லாட்டில் 200 கிராம் பாக்கெட்டுகள் 1,500 என்றால் மொத்தம் 300 கிலோ. அந்த லாட்டுக்கான கொள்முதல் நோட்டில் பச்சை நெத்திலி 720 கிலோ. அவர் களத்திலேயே எடை போட்டதில் 4 கிலோ பச்சை மீனுக்கு 1 கிலோ கருவாடு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 180 கிலோதான் வந்திருக்க வேண்டும். மீதி 120 கிலோ எங்கிருந்து வந்தது? பழைய இருப்பு என்றால் ஸ்டாக் நோட்டில் இருக்க வேண்டும். அதிலும் இல்லையென்றால், வெளியில் யாரிடமோ காய்ந்த சரக்கை வாங்கிக் கலந்திருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறும். ஆர்டரை மட்டும் குறைக்காமல் அனுப்பச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? அதில் பாதிப் பொறுப்பு கடைக்காரருடையது என்பேன். ஆகவே தணிக்கையில் அந்த மாதங்களின் நோட்டையும் கட்டாயம் புரட்டுங்கள்.

அப்புறம், சப்ளையர் எடுத்துத் தரும் சாம்பிளை நம்பாதீர்கள். கடை அலமாரியிலிருந்தும் குடோனிலிருந்தும் புகார் வந்த அதே லாட்டை நீங்களே எடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு பிடி போட்டு அலசினால் மணல் அடியில் தங்கும். சப்ளையரிடம் பேச அது போதும். எழுத்துப்பூர்வமாக மோத வேண்டுமானால் மணல் கலப்பைக் காட்டும் அமிலத்தில் கரையாத சாம்பல் அளவை ஆய்வகத்தில் சோதிக்கக் கேளுங்கள்.

கடைசியாக, "இனி கவனமாக இருப்போம்" என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். வெளிச்சரக்கு வாங்கினால் முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தனி லாட் எண் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் அந்தத் தண்ணீர்ச் சோதனையைக் குடோன் வாசலிலேயே செய்யுங்கள், பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.