அதே எதிர்க்காட்டு திரும்பத் திரும்ப வந்தபோது

ஒரு மொழியின் சரங்களை ஏற்கும் தானியங்கியை நோக்கு அட்டவணை வழியாகக் கற்கும் ஒரு பழைய நிரல் சில நாட்களை விழுங்கிவிட்டது. அந்த அட்டவணையில் வரிசைகள் முன்னொட்டுகள், நெடுவரிசைகள் பின்னொட்டுகள்; இரண்டும் சேர்ந்த சரம் மொழியில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சோதனை மொழி எளியது: `a` மட்டுமே எழுத்து; நீளத்தை 3-ஆல் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். ஊகித்த தானியங்கி சரிதானா என்று கேட்கும் முதல் சமன்மை வினாவுக்கு, அது தவறும் சரமாக `aa` என்ற எதிர்க்காட்டு வந்தது. அதையும் அதன் முன்னொட்டுகளையும் அட்டவணையில் சேர்த்த பிறகும் அதே `aa` மீண்டும் வந்தது.

ஒரு சரம் மொழியில் உண்டா என்று கேட்கும் உறுப்புரிமை வினாக்களின் விடைகளைச் சரிபார்த்தேன், பிழையில்லை. நீளமான எதிர்க்காட்டு கொடுத்தும் பயனில்லை. அட்டவணை மூடியதாகவே இருந்தது, அதாவது ஓர் எழுத்து சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள வரிசைகளில் ஒன்றே கிடைத்தது.

துப்பு கொடுத்தது ஒரு விசித்திரம்: தானியங்கியில் இரண்டு நிலைகள் இருந்தும், ஏற்பு நிலைக்குப் போக வழியே இல்லை. வெற்றுச்சரமான `ε`, `a` இரண்டின் வரிசையும் 0. ஆனால் ஓர் `a` சேர்த்தால் முதலாவது 0, இரண்டாவது 1. நிரல் வெற்றுச்சரத்தின் நகர்வை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ஒத்த வரிசைகள் ஓர் எழுத்து சேர்த்த பின்னும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் முரணின்மைச் சோதனையே அதில் இல்லை.

அதை எழுதிச் சேர்த்தேன்: ஒத்த வரிசைகள் ஓர் எழுத்துக்குப் பின் எந்தப் பின்னொட்டில் பிரிகின்றனவோ, அந்த எழுத்தும் பின்னொட்டும் சேர்ந்து புதிய நெடுவரிசை ஆகும். இங்கே அது `a`.

```
     ε  a
ε    0  0
a    0  1
aa   1  0
aaa  0  0
```

மூன்று வெவ்வேறு வரிசைகள், மூன்று நிலைகள். `aaa` தொடக்கத்துக்கே திரும்புகிறது. அடுத்த சமன்மை வினாவுக்கு ‘ஆம்’ வந்தது, நிம்மதி.