கல்யாணமும் கம்பெனி விழாவும் ஒரே பெயரில்: ஈவென்ட் நிறுவனத்துக்குப் பெயர் வைப்பது எப்படி?

தோழி ஒருத்தி கல்யாண ஏற்பாடுகள் செய்கிறாள். அவளோடு கூட்டுச் சேர்ந்தவர் டீலர் மீட்டிங், கருத்தரங்கு, புதுத் தயாரிப்பு அறிமுகம் என்று கம்பெனிப் பக்கமே வளர்ந்தவர். இருவரும் சேர்ந்து தொடங்கும் நிறுவனத்துக்குப் பெயர் வைக்கும் வேலை, பிராண்டிங்கில் இருக்கும் என் தலையில் விழுந்தது. அப்போது செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். நிறுவனப் பதிவு, வரி விவரங்களுக்குள் இங்கே போகவில்லை.

படி 1: ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொந்தமான சொற்களை வெட்டுங்கள்

மணம், மாலை, மங்கலம், மேளம் என்று வந்தால் கம்பெனிக்காரர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். சொல்யூஷன்ஸ், கன்சல்டிங், குளோபல் என்று வந்தால் பெண்ணின் அம்மா போனை வைத்துவிடுவார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதற்குத் தீர்வு என்று நினைத்துப் பலர் "வெட்டிங்ஸ் அண்ட் கார்ப்பரேட் ஈவென்ட்ஸ்" என்று பெயரிலேயே இரண்டையும் அடுக்கிவிடுகிறார்கள். "எது கிடைத்தாலும் செய்வோம்" என்ற தோற்றத்தைத் தருவதே அந்த "அண்ட்"தான். எந்தெந்த வேலை செய்கிறோம் என்ற பட்டியலைப் பெயருக்குள் வைக்காதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது (படி 4).

படி 2: இரண்டு வேலைக்கும் பொதுவானது எது என்று எழுதிப் பாருங்கள்

கல்யாணத்திலும் கருத்தரங்கிலும் நிஜமாகவே ஒன்றாக இருப்பது என்ன? அலங்காரம் அல்ல, சாப்பாடும் அல்ல. விருந்தினரை வரவேற்று உட்காரவைப்பது, நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரலை ஓட்டுவது, மேடை, ஒலி, ஒளி ஆட்களை ஒருங்கிணைப்பது. பெயர் இந்த இடத்திலிருந்து பிறந்தால் இரண்டு வாடிக்கையாளருக்கும் பொருந்தும்.

எங்கள் பட்டியலில் கடைசியில் மிஞ்சியவை நான்கு: மணமேடை, உச்சம், வருகை, முன்வரிசை.

மணமேடையை மறுபடி முதல் படியின் விதியில் வைத்துப் பார்த்தபோது விழுந்துவிட்டது. உச்சம் என்பதில் வேறு சிக்கல். அது எதற்கும் பொருந்தும். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பொருந்தும், பயிற்சி மையத்துக்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் சாயக்கூடாது என்று பயந்து இப்படி எதையுமே சொல்லாத பெயரை வைத்தால் அதுவும் குறியில்லாத நிறுவனம் போலத்தான் தெரியும். வருகையும் முன்வரிசையும் தேறின. எந்த நிகழ்ச்சியிலும் யாரோ வருகிறார்கள். முன்வரிசையில் உறவினர் உட்காரலாம், நிர்வாக இயக்குநரும் உட்காரலாம்.

படி 3: இரண்டு காகிதத்தில் வைத்துப் பாருங்கள்

லோகோ செய்யும் செயலிகளை இந்தக் கட்டத்தில் திறக்கவே வேண்டாம். தங்க நிற எழுத்தும் ஒரு பூக்கொடியும் சேர்ந்தால் மோசமான பெயரும் அழகாகத் தெரியும். சாதாரண டாக்குமெண்ட், ஒரே எழுத்துரு, கறுப்பு வெள்ளை போதும்.

முதல் காகிதத்தில் ஒரு குடும்பத்துக்கு அனுப்பும் திட்டத்தின் முகப்பு. இரண்டாவதில் ஒரு கம்பெனிக்குப் போகும் இன்வாய்ஸ். ஒரே பெயரை இரண்டின் தலையிலும் தட்டச்சு செய்து, இந்தத் துறையில் இல்லாத ஒருவரிடம் இன்வாய்ஸை மட்டும் காட்டி, "இவர்கள் என்ன செய்பவர்கள்?" என்று கேளுங்கள். வேறொருவரிடம் முகப்பை மட்டும் காட்டுங்கள். "ஏதோ விழா நடத்துகிறவர்கள்" என்ற அளவில் இருவரும் சொன்னால் போதும். ஒருவர் "கல்யாண ஆட்கள்" என்று அடித்துச் சொன்னால் பெயர் சாய்ந்திருக்கிறது.

பிறகு போனில் சொல்லச் சொல்லி, கேட்பவரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். வருகை இங்கேதான் தடுமாறியது: varugai, varukai, varuhai என்று ஆளுக்கொன்றாக எழுதினார்கள். மின்னஞ்சல் தவறான முகவரிக்குப் போகும் என்பது உறுதி. முன்வரிசையைப் பெரும்பாலும் munvarisai என்றே எழுதினார்கள். ழகரம் உள்ள பெயரென்றால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். Zh என்று எழுதுபவர்களும் உண்டு, l என்று எழுதுபவர்களும் உண்டு.

படி 4: துணைவரி

நான் அதிக நேரம் நின்றது இந்தப் படியில்தான். பெயர் பொதுவாக இருப்பதால், "இவர்கள் நமக்கானவர்கள்" என்று சொல்லும் வேலை துணைவரியின் மேல் விழுகிறது. ஒரே துணைவரியில் இரண்டையும் சொல்ல முயன்றால் "மறக்க முடியாத தருணங்கள்" மாதிரி காற்றடைத்த வாசகம்தான் கிடைக்கும்.

அதனால் பெயர் ஒன்று, துணைவரி இரண்டு என்று பிரித்தோம்:

முன்வரிசை | திருமணங்கள்
முன்வரிசை | நிறுவன நிகழ்ச்சிகள்

பெயரின் எழுத்தும் அளவும் இரண்டிலும் ஒன்றே. கீழ்வரி மட்டும் மாறும். மூன்றாவதாகப் பிறந்தநாள், நான்காவதாகக் கண்காட்சி என்று சேர்க்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

துணைவரி பிரிந்தால் படங்களும் பிரிய வேண்டும். இணையதள முகப்பில் இரண்டு வாசல், ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். கம்பெனிக்காரர் கிளிக் செய்தால் மாலை மாற்றும் படம் கண்ணில் படக்கூடாது. இன்ஸ்டாகிராமிலும் இரண்டு கணக்கு வைப்பதே என் கட்சி. மருதாணிக் கைக்குப் பக்கத்தில் ப்ரொஜெக்டர் திரை இருந்தால், எவ்வளவு நல்ல பெயரும் காப்பாற்றாது. ஆள் பலம் இல்லையென்றால் ஒரே கணக்கில் ஹைலைட்ஸாகவாவது பிரியுங்கள்.

படி 5: பெயர் காலியாக இருக்கிறதா?

டொமைன், சமூக ஊடகக் கணக்கு, தேடல் எல்லாம் நீங்களே பார்த்துவிடுவீர்கள். வர்த்தகமுத்திரைத் தேடலில்தான் இந்த இரட்டைத் தொழிலுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. வர்த்தகமுத்திரைப் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் வகை பிரிக்கப் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். மாநாடு, கருத்தரங்கு நடத்துவது 41-இல் வருகிறது. வணிகக் கண்காட்சி ஏற்பாடு 35-இல். திருமணச் சடங்குகளைத் திட்டமிட்டு ஏற்பாடு செய்வதோ 45-இல். 41-ஐ மட்டும் தேடிவிட்டு "காலி" என்று நிம்மதியாக இருந்தால், 45-இல் அதே பெயரோடு ஒரு திருமண ஏற்பாட்டாளர் உட்கார்ந்திருக்கலாம்.

தேடுவதற்கு எனக்குப் பிடித்தது உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் WIPO Global Brand Database, இலவசம். ஆனால் எல்லா நாட்டுப் பதிவுகளும் அதில் இருக்காது. உங்கள் நாட்டு அலுவலகத்தின் தேடலையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்துப்போனால் ஆட்சேபம் வரலாம் என்பதால், படி 3-இல் மற்றவர்கள் எழுதிய எல்லா வடிவங்களையும் தட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: "சொந்தப் பெயரையே வைக்கலாமா?" என்று இருவர் கேட்டார்கள். இரண்டு பக்கமும் சாயாது என்பதால் தாராளமாக வைக்கலாம். ஆனால் கல்யாண வீட்டார் அந்தப் பெயருக்குரியவரே மண்டபத்தில் நிற்க வேண்டும் என்பார்கள். அதே நாளில் கருத்தரங்கு இருந்தால் திண்டாட்டம்தான். கூட்டாளி இருந்தால் இந்த வழி வேண்டாம்.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகர், துணைவரியோடு சேர்ந்த பெயரில் இன்வாய்ஸ் அனுப்ப, கம்பெனியின் கணக்குப் பிரிவு அதைத் திருப்பிவிட்டதாம். வென்டர் பதிவில் இருந்தது வேறு பெயர். இன்வாய்ஸில் பதிவு செய்த பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். துணைவரி லோகோவோடு மட்டும் நிற்கட்டும்.

பின்சேர்க்கை 3: இரண்டு தனிப் பெயர் எப்போது சரி? இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழு, தனித்தனி விலைத் தளம், விளம்பரத்துக்குத் தனித்தனிப் பணம் என மூன்றும் இருந்தால் பிரியுங்கள். அதே நாலு பேர்தான் இரண்டையும் ஓடி ஓடிச் செய்கிறார்கள் என்றால் ஒரு பெயரே போதும்.