‘மலைமேல்’ எப்படி ‘மாலை மேளம்’ ஆகிறது: பாடல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்கென்று உள்ளூர்க்காரர்களே பாட்டெழுதி, பம்பையும் உடுக்கையும் சேர்த்துப் பதிவு செய்து, கூம்பு ஒலிபெருக்கியில் ஒலிக்க விடுவதுண்டு. தாளில் படிக்கும்போது தெளிவாக இருக்கும் வரிகளில் சில, தெருவில் நிற்பவரின் காதுக்கு வேறு சொற்களாகப் போய்ச் சேர்கின்றன. கேட்பவரின் கவனக்குறைவு என்றோ பாடியவரின் உச்சரிப்புக் கோளாறு என்றோ இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கணிசமான இடங்களில் பிழையின் வித்து வரியை எழுதியபோதே விழுந்துவிடுகிறது என்பது என் கருத்து. அதைக் காட்ட ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்.

‘மலைமேல் அமர்ந்தவளே’ என்று ஒரு பல்லவி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். புணர்ச்சியில் அது ‘மலைமேலமர்ந்தவளே’ ஆகும்: ம, லை, மே, ல, மர்ந், த, வ, ளே என்று எட்டு ஒலிகள். எட்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வொன்றையும் ஓர் எண்ணிக்கையில் வைத்தால் வரி அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். எழுதுபவர் விரலைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது இந்த இடத்தில்தான். முதல் தவறும் இங்கேதான் நிகழ்கிறது.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பொருளை வேறுபடுத்துவதே இந்த அளவு வேறுபாடு. எட்டு ஒலிக்கும் சம அளவு நேரம் கொடுத்தால், ‘ம’வும் ‘மே’யும் ஒரே நீளத்தில் நிற்கும். விரைவான நடையில் இது பெரிதாகத் தெரியாது. ‘ம’ அந்தச் சிறு நேரத்துக்குள் குறிலாகவே கேட்கும். விளம்ப நடைக்கு வந்ததும் ஓர் எண்ணிக்கை முழுவதும் பாடகர் ‘ம’வைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கிறது, அப்போது அது ‘மா’ ஆகிவிடுகிறது. ‘மாலை’ என்பது எல்லாரும் அறிந்த சொல் என்பதால், காது அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது.

அதன்பின் மற்றவை தாமாகவே நடக்கின்றன. ‘மேல்’ என்ற சொல்லின் இறுதி ஒற்று அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ‘மேல’ என்று ஒலிப்பதால், சொல் எங்கே முடிந்தது என்பதற்கான அடையாளம் மறைந்துவிடுகிறது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடு நுனிநாக்கு தொடும் இடத்தைப் பொறுத்தது. பம்பையின் அடி அதே நொடியில் விழுந்தால் அந்த நுட்பம் கேட்காது. ‘மர்ந்த’ என்பதை நீட்டிப் பாடும்போது ரகர ஒற்றுக்குப் பின் ஒரு சிறிய உயிரொலி நுழைந்து ‘மரந்த’ போல் ஆகும். திருவிழாவில் நிற்பவர் மாலை நேரத்தையும் மேளத்தையும் எதிர்பார்த்தே நிற்கிறார். ஆகவே அவர் கேட்பது ‘மாலை மேளம் மறந்தவளே’. அம்மனைப் போற்றிய வரி அவளைக் குறை சொல்லும் வரியாகிவிடுகிறது. ஒருமுறை இப்படிக் கேட்டுவிட்ட காது, பல்லவி திரும்பத் திரும்ப வந்தாலும் பெரும்பாலும் அதையேதான் கேட்கும்.

இதைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. மெட்டு இன்னும் இறுகவில்லை என்றால் நேரத்தை மாற்றிப் பங்கிடலாம்: ‘மலை’ என்ற சொல் முழுவதையும் முதல் எண்ணிக்கைக்குள் முடித்து, இரண்டாவது எண்ணிக்கையில் ‘லை’யை நீட்டலாம். சொல்லின் இறுதியில் உள்ள ஐகாரத்தை நீட்டினால் வேறொரு சொல் பிறப்பதில்லை. மூன்றிலும் நான்கிலும் ‘மேல்’ நிற்கட்டும். லகர ஒற்றைப் பாடகர் மூடிவிட்டு, அரை எண்ணிக்கை விட்டு, ‘அமர்ந்தவளே’ என்பதன் அகரத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இலக்கணப்படி புணர்த்தி எழுதுவது தாளில் சரி; பாடகருக்குக் கொடுக்கும் பிரதியில் சொற்களைப் பிரித்தே எழுதிக் கொடுங்கள்.

மெட்டை மாற்ற முடியாதென்றால் சொல்லை மாற்ற வேண்டும். ‘குன்றின் மீதே நிற்பவளே’ என்று எழுதிப் பாருங்கள். இதிலும் எட்டு ஒலிகளே உள்ளன. ‘குன்’ என்பதில் நேரத்தை உயிரின்மேல் சுமத்தாமல் னகர ஒற்றின்மேல் நிறுத்தலாம். மெல்லின, இடையின ஒற்றுகளைப் பாடகரால் பிடித்து நிற்க முடியும். வல்லின ஒற்றைப் பிடித்தால் வெறும் மௌனமே மிஞ்சும். ஒருவேளை பாடகர் ‘கூன்றின்’ என்றே நீட்டிவிட்டாலும், அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லாததால் காது அதைத் தானே ‘குன்றின்’ என்று திருத்திக்கொள்ளும். ‘மீதே’ நெடிலில் முடிந்து, அடுத்த சொல் மெய்யொலியோடு தொடங்குவதால் சொல் எல்லையும் கலையாது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. நீண்ட ஸ்வரத்தில் குறிலை வைக்க நேரும்போதெல்லாம், அதை நீட்டினால் இன்னொரு சொல் வருகிறதா என்று பாருங்கள். கொடி கோடியாகும், குடம் கூடமாகும், கலை காலையாகும், விடு வீடாகும். இவற்றை அந்த இடத்தில் தவிர்க்க வேண்டும். ‘தீர்த்தமலை’ என்று வந்தால் அச்சம் இல்லை. ஊர்ப்பெயரின் முன்பகுதி காதைத் தயார் செய்துவிடுவதால், மகரம் எவ்வளவு நீண்டாலும் யாரும் அதை மாலையாகக் கேட்பதில்லை.

எழுதியவரே கேட்டுப் பார்த்துச் சரி என்று முடிவு செய்வது அடுத்த தவறு. வரியை அறிந்தவரின் காது, அறிந்ததையே கேட்கும். வரியைப் படிக்காத நான்கைந்து பேருக்கு, பம்பையோடு, பாடப்போகும் அதே நடையில் ஒருமுறை மட்டும் ஒலிக்கச் செய்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பொருள் புரிந்ததா என்று கேட்காதீர்கள்; மரியாதைக்காகப் புரிந்தது என்றே சொல்வார்கள். பலரும் ஒரே தவறான சொல்லை எழுதினால் குறை வரியில் இருக்கிறது. ஆளுக்கொன்றாக எழுதினால் பாடகரையோ ஒலிப்பதிவையோ கவனிக்க வேண்டும்.

வீட்டில் தெளிவாகக் கேட்ட பாடல் தெருவில் மட்டும் குழம்பினால் காரணம் வேறு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கேட்பவருக்கு ஒரு கூம்பு மற்றொன்றைவிட 100 மீட்டர் தள்ளி இருந்தால், இரண்டாவது ஒலி கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தி வரும். விரைவான பாட்டில் அதற்குள் அடுத்த அசை வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வரியைத் திருத்தி இதைச் சரிசெய்ய இயலாது. கூம்புகளின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாடும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே கேட்பவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம்; இன்றைய அவ்விரு மொழிகளிலும் ழகரம் இல்லை. ‘மழை’ என்பதைத் தனியாக வரியின் தொடக்கத்தில் வைத்தால் மலையா, மழையா என்பது அவர்களுக்கு உடனே துலங்காது. ‘பெய்யும் மழை’ என்றோ ‘கொட்டும் மழை’ என்றோ துணைச்சொல்லை முன்னே வைத்துவிட்டால், ழகரம் சரியாக விழாவிட்டாலும் சொல் தவறாது. துணைச்சொல் பின்னே வந்தால் பலன் குறைவு. மெதுவான பாட்டில் அது வந்து சேர்வதற்குள் காது தன் முடிவை எடுத்துவிட்டிருக்கும்.