ஆடும் ஷாட்டை எடிட்டிங்கில் நிறுத்தும்போது செய்யும் தவறுகள்: எதைச் சரிசெய்யலாம், எதைத் திரும்ப எடுக்க வேண்டும்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறையைப் பற்றிய சிறிய வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தேன். எல்லாமே கேமராவைக் கையில் பிடித்து எடுத்தவை. 4K, விநாடிக்கு 25 ஃப்ரேம். அதில் மூன்று ஷாட்கள் மோசமாக ஆடின: வாசலிலிருந்து பட்டறைக்குள் நடந்து போகும் ஷாட், கடைசல் பிடிப்பவரின் கைகளைக் கிட்டத்தில் காட்டும் ஷாட், உருக்கிய பித்தளையை அச்சில் ஊற்றும் ஷாட். மூன்றிலும் Premiere Pro-வில் ஆட்டத்தை நிறுத்துவதற்கென்று இருக்கும் Warp Stabilizer எஃபெக்டை அப்படியே இழுத்துப் போட்டேன். முதல் முறையில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு நாள் வேலை மிச்சமாகும்.

முதல் தவறு, ஃப்ரேமை நிறுத்திப் பார்க்காமல் எஃபெக்டைப் போடுவது. நடந்து போகும் ஷாட்டில் ஆட்டம் ஓரளவு நின்றுவிட்டது. ஆனால் காலடி விழும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு கணம் மங்கி மறுபடி தெளிந்தது. கேமரா அசையாததுபோல் இருக்கும்போது இப்படி மங்கினால் ஃபோகஸ் போய்விட்டதோ என்று பார்ப்பவர் நினைப்பார். காரணம் எளிது. எந்த ஸ்டெபிலைசரும் ஒரு ஃப்ரேமை முழுதாக நகர்த்தும், திருப்பும், வளைக்கும். கேமரா அசைந்ததால் அந்த ஃப்ரேமுக்குள் ஏற்கெனவே பதிந்துவிட்ட மங்கலை அதனால் அழிக்க முடியாது.

அந்த ஷாட்டில் ஒரு மரத்தூணின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தேன். காலடி விழும் இடத்தில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் இடையே தூண் சுமார் 40 பிக்சல் நகர்ந்திருந்தது. பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் 1/50. ஒரு ஃப்ரேமுக்குரிய நேரமான 1/25 விநாடியில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்திருக்கிறது. ஆக, தூணின் விளிம்பு சுமார் 20 பிக்சலுக்குத் தேய்ந்து பதிந்திருக்கிறது. எந்த ஸ்லைடரைத் திருகினாலும் அந்த 20 பிக்சல் போகாது. அசையாத பொருள் ஒன்றின் விளிம்பு ஆங்காங்கே இப்படித் தேய்ந்து தெரிந்தால் எஃபெக்ட் போடுவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்: திரும்ப எடுக்க வேண்டிய ஷாட் அது. தேய்ப்பு இல்லாமல் ஒவ்வொரு ஃப்ரேமும் தெளிவாக இருந்தால், எவ்வளவு ஆடியிருந்தாலும் முயன்று பார்க்கலாம்.

அதே ஷாட்டில் இன்னொரு கேடும் இருந்தது. வாசலருகே அடுக்கியிருந்த விளக்குத் தண்டுகள் கேமராவுக்கு மிக அருகில் இருந்தன. பட்டறைச் சுவர் தூரத்தில். நடக்கும்போது அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். Method என்ற இடத்தில் தானாகவே தேர்வாகியிருக்கும் Subspace Warp படத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக இழுத்துச் சமன்செய்யப் பார்க்கும். இரண்டையும் சமன்செய்யப் போய் நேரான தண்டுகளைத் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிய வைத்தது. Method-ஐ Position என்று மாற்றினால் நெளிவு நின்றுவிடும், ஏனென்றால் அது படத்தை முழுதாக மட்டுமே நகர்த்தும். ஆட்டம் கொஞ்சம் மிஞ்சும். என்னைக் கேட்டால் மிஞ்சட்டும். கையில் பிடித்த கேமராவின் சிறு அசைவைக் கண் ஏற்றுக்கொள்ளும்; வளையும் பித்தளையை ஏற்றுக்கொள்ளாது. ஆட்டத்தை எவ்வளவு சமன்செய்ய வேண்டும் என்று சொல்லும் Smoothness-உம் அப்படித்தான். அது 50 சதவீதத்தில் தொடங்கும். நான் 10-இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுகிறேன்.

கைகளைக் காட்டும் ஷாட்டில் கேமராமேன் நகரவில்லை, பின்னணியும் அருகிலேயே இருந்தது. இப்படிப்பட்ட ஷாட்கள்தான் ஸ்டெபிலைசருக்கு ஏற்றவை. ஆனாலும் முதல் முறை கெட்டது, அது என் தவறு. 20 விநாடி க்ளிப்பை முழுதாகவே கொடுத்தேன். அதன் கடைசியில், ரெக்கார்டிங்கை நிறுத்தும்போது கேமரா ஒரு முறை குலுங்கியிருந்தது. நகர்த்திய ஃப்ரேமின் ஓரங்களில் கறுப்பு தெரியாமலிருக்க மென்பொருள் படத்தைப் பெரிதாக்கும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதை அந்த க்ளிப்பிலேயே அதிகம் குலுங்கிய இடம்தான் முடிவுசெய்கிறது. அந்த ஒரு குலுக்கலுக்காக 20 விநாடியும் 120 சதவீதமாகப் பெருத்தது. விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் தலை ஃப்ரேமுக்கு வெளியே போயிற்று. எனக்குத் தேவையான 6 விநாடியை மட்டும் வெட்டி, மறுபடி Analyze கொடுத்தேன். 104 சதவீதத்தில் நின்றது. Auto-scale என்ற வரியின் பக்கத்திலேயே இந்த எண் தெரியும். அதைப் பார்க்காமல் அடுத்த க்ளிப்புக்குப் போகாதீர்கள்.

120 சதவீதம் என்றால் மேல் ஓரத்தில் மட்டும் படத்தின் உயரத்தில் சுமார் 8 சதவீதம் போய்விடும். தெளிவு எவ்வளவு குறையும் என்பது எதில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. 1920 பிக்சல் அகலமுள்ள வீடியோவில் 1600 பிக்சல்தான் மிஞ்சும்; அதை இழுத்து 1920-ஆக நிரப்பும்போது படம் மென்மையாகிவிடும். 4K-இல் எடுத்து 1080-இல் வெளியிட்டால் 3200 பிக்சல் மிஞ்சுகிறது, தெளிவுக்குக் குறைவில்லை. ஆனால் க்ளிப்பும் டைம்லைனும் ஒரே அளவில் இல்லாவிட்டால் Warp Stabilizer வேலைசெய்யாது. அதனால் 4K டைம்லைனில் ஸ்டெபிலைஸ் செய்து, அந்த டைம்லைனை எடுத்து 1080 டைம்லைனுக்குள் வைக்க வேண்டும்.

ஃபோனில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஃபோன்கள் எடுக்கும்போதே ஒரு முறை ஸ்டெபிலைஸ் செய்துவிடுகின்றன. அதன் மேல் இன்னொரு முறை செய்தால் இருந்த ஓரமும் வெட்டுப்படும், விளிம்புகள் நெளியும்.

இனி பித்தளை ஊற்றும் ஷாட். ஃப்ரேம்கள் ஓரளவு தேய்ந்திருந்தன. நியாயப்படி திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஆனால் அன்றைய வார்ப்பு முடிந்துவிட்டது. அடுத்த வார்ப்புக்கு நாங்கள் ஊரில் இருக்கப்போவதில்லை. திரும்ப நடக்காத ஒன்றை, கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தைப் போல, ஆட்டத்தோடு வைத்துக்கொள்வதே சரி. ஸ்டெபிலைசரை எடுத்துவிட்டேன். ஊற்றத் தொடங்கும் முதல் இரண்டு விநாடி, அதன்பின் அடுப்புத் தீயைக் காட்டும் வேறொரு ஷாட், மறுபடி அச்சு நிறையும் கடைசி விநாடி என்று வெட்டினேன். மோசமான குலுக்கல் அந்தத் தீக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

நடந்து போகும் ஷாட் அப்படியில்லை. வாசலும் தூணும் எங்கேயும் போகவில்லை, ஊரும் கும்பகோணத்துக்குப் பக்கம்தான். மூன்று மணி நேரம் ஸ்லைடர்களோடு போராடியிருந்தேன். திரும்ப எடுக்க ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. முந்தைய ஷாட்களின் வெளிச்சத்தோடு பொருந்த வேண்டும் என்பதால் அதே காலை நேரத்தில் போனோம். இந்த முறை ஷட்டரை 1/100-இல் வைத்தோம். தேய்ப்பு பாதியாகக் குறைந்தது. இன்னும் ஏற்றியிருக்கலாம், ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பட்டறையின் டியூப் லைட்டில் 1/50, 1/100 தாண்டினால் கோடுகள் ஓடக்கூடும். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட ISO-வை இரட்டிப்பாக்கினோம், கொஞ்சம் புள்ளி தெரிந்தது, பரவாயில்லை. பெரிய மாற்றம் வேறு: கேமராமேன் நடக்கவே இல்லை. வாசலில் நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கழுத்துப்பட்டை விறைக்கும்வரை கேமராவை முன்னால் தள்ளி 10 விநாடி எடுத்தார். பிறகு உள்ளே போய் அதேபோல் நின்று இன்னொரு 10 விநாடி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது உள்ளே போகும் உணர்வு வந்துவிட்டது. முதல் ஷாட்டுக்கு Position, Smoothness 10. இரண்டாவதுக்கு எதுவும் போடவில்லை.