‘Cannot Reproduce’ என்று மூடிய டிக்கெட்டுக்குப் பதில் எழுதும்போது

போன வாரம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த டெஸ்டர் ஒருவர் எழுதிய பதிலைப் பார்த்தேன். டெவலப்பர் ‘Cannot Reproduce’ என்று மூடிய டிக்கெட்டை மறுபடி திறந்து, “எனக்கு இன்னும் வருகிறது, தயவுசெய்து மீண்டும் பாருங்கள்” என்று எழுதி, பழைய வீடியோவையே கீழே ஒட்டியிருந்தார். 2024 மார்ச்சில் நானும் கிட்டத்தட்ட இதே வரியைத்தான் எழுதினேன். அதனால் பலருடைய சம்பளத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

பில்ட் நம்பர் போடாதது, ஸ்கிரீன்ஷாட் இணைக்காதது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் முதல் மாதத்திலேயே யாராவது திட்டிச் சொல்லித் தந்துவிடுவார்கள்.

அந்த ஸ்டேட்டஸை மறுப்பாகப் படிப்பது

“பக் இல்லை” என்று டெவலப்பர் சொல்லவில்லை. “நான் செய்து பார்த்தபோது வரவில்லை” என்றுதான் சொல்கிறார். பக்சில்லா என்ற பக் பதிவு மென்பொருளில் இதற்கு `WORKSFORME` என்று பெயர். அது இன்னும் நேர்மையான பெயர். `INVALID` என்று வேறொரு முடிவும் அதே பட்டியலில் உண்டு, அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இதைக் கவனித்தாலே பதிலில் பாதிச் சூடு குறைந்துவிடும்.

அவர் எப்படிச் செய்து பார்த்தார் என்று கேட்காமல் பதில் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வரவழைப்பது இந்தத் தவறுதான். நானே செய்து கெட்டதால் எரிச்சல் கொஞ்சம் அதிகம்.

ஒரு நூற்பாலைக்கு வருகைப் பதிவு செய்யும் வெப் ஆப். கேட்டில் ஒரு டேப்லெட். தொழிலாளி தன் எண்ணைத் தட்டினால் அன்றைய தேதியில் வருகை பதிவாகும். ஒருவருக்கு ஒரு தேதியில் ஒரே பதிவுதான், இரண்டாவது முறை தட்டினால் ஆப் ஏற்காது. சோதனை ஓட்டத்தின்போது நான் ஆலையிலேயே இருந்தேன். முதல் ஷிப்ட் காலை 6 மணிக்கு. ஊர்ப் பக்கமிருந்து வரும் பேருந்து 5:15-க்கே ஆட்களை இறக்கிவிடும்; உள்ளூர்க்காரர்கள் 5:40, 5:50 என்று வருவார்கள்.

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. பேருந்தில் வந்த ஓர் அக்கா தன் எண்ணைத் தட்டியதும் “இன்றைய வருகை ஏற்கெனவே பதிவாகியுள்ளது” என்று வந்தது. அவருக்குப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேருக்கு எதுவும் ஆகவில்லை. “கொஞ்சம் நேரம் கழித்துத் தட்டிப் பாரும்மா, நெட்வொர்க்கா இருக்கும்” என்றார் மேற்பார்வையாளர். கால் மணி நேரம் கழித்துத் தட்டினார், பதிவாகிவிட்டது. நான் முதல் முறை வந்த செய்தியைப் படம் பிடித்து, “சில சமயம் புதிய வருகையை ஏற்க மறுக்கிறது” என்று டிக்கெட் போட்டேன்.

டெவலப்பர் புதிய பயனர் ஒருவரை உருவாக்கிப் பார்த்தார். ஏற்றுக்கொண்டது. மூடிவிட்டார். நான் “எனக்கு வந்ததே” என்று எழுதித் திறந்தேன், அவர் மறுபடி பார்த்து மூடினார். இப்படி மூன்று தடவை. அவர் எழுதிய ஒவ்வொரு பதிலிலும் விடை இருந்தது: புதிய பயனர், காலை 11 மணி, ஒரே ஒரு தட்டல். நான் அதைப் படிக்கவே இல்லை. அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆப் முழு ஆலைக்கும் போனது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில், வேலைக்கு வந்தவர்களுக்கே ‘ஆப்சென்ட்’ விழுந்திருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து, என் பக்கம் நடந்ததையும் அவர் பக்கம் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். டெவலப்பர் உருவாக்கிய பயனர் புதியவர், அந்த அக்காவுக்கோ முந்தைய நாள் பதிவு இருக்கிறது. அவர் தட்டியது 11 மணிக்கு, அக்கா தட்டியது 5:21-க்கு. கால் மணி கழித்துத் தட்டியபோது வேலை செய்தது. அப்படியென்றால் 5:21-க்கும் 5:36-க்கும் நடுவில் ஏதோ மாறுகிறது. 5:30 என்ற எண் தலையில் உறைத்தது அப்போதுதான். இந்திய நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை 5:30 ஆகும்போதுதான் யூடிசி கணக்கில் தேதி மாறுகிறது.

அதற்குமுன் தட்டினால் முந்தைய நாள் தேதி விழுகிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவந்தது. அக்கா திங்கட்கிழமை பேருந்தைத் தவறவிட்டு 5:40-க்கு வந்திருந்தார், திங்கள் தேதி விழுந்தது. செவ்வாய் 5:21-க்குத் தட்டியதற்கும் திங்கள் தேதியே விழப் பார்த்தது, அதனால் ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’. வரிசை மாறினால் இன்னும் மோசம். திங்கள் 5:20, செவ்வாய் 5:40 என்றால் முதலாவது ஞாயிறு தேதியிலும் இரண்டாவது செவ்வாய் தேதியிலும் விழும். திங்கள் காணாமல் போகும். தினமும் 5:20-க்கே வருகிறவருக்கு எல்லா நாளும் ஒன்று பின்னால் தள்ளிப் பதிவாகும், எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாக வரும், யாருக்கும் சந்தேகமே வராது. நான் ‘சில சமயம்’ என்று எழுதியது இதைத்தான்.

அடுத்து எழுதிய பதில் இது. டிக்கெட்டில் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இப்படி:

> வணக்கம். மூன்று முறை நேரம் ஒதுக்கிப் பார்த்ததற்கு நன்றி. நீங்கள் எழுதிய படிகளையே நானும் காலை 11 மணிக்குச் செய்தேன். எனக்கும் பிழை வரவில்லை. நீங்கள் சொன்னது சரி. நான் ‘சில சமயம்’ என்று மொட்டையாக எழுதியதால் வந்த குழப்பம் இது.
>
> இரண்டு முயற்சிகளுக்கும் இரண்டே வித்தியாசம். ஆலையில் பிழை வந்தது 5:30-க்கு முன். அந்தப் பயனருக்கு முந்தைய நாள் 5:30-க்குப் பின் ஒரு பதிவு இருந்தது.
>
> பகலிலேயே பார்க்க: டேப்லெட்டில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, நேரத்தைக் காலை 5:40 ஆக்கி ஒரு முறை தட்டவும். பிறகு தேதியை அடுத்த நாளாக்கி, நேரத்தை 5:29 ஆக்கித் தட்டவும். ஏற்காது என்பது என் கணிப்பு. 5:31 ஆக்கித் தட்டினால் ஏற்கும். லாகின் காலாவதியானால் மறுபடி உள்ளே போகவேண்டி வரலாம்.
>
> 5:29-க்கும் ஏற்றுக்கொண்டால் என் ஊகம் தவறு, டிக்கெட்டை நானே மூடிவிடுகிறேன். கடிகாரத்தைத் தொடாமலே பார்க்க ஒரு வழியும் உண்டு. டேட்டாபேஸ் கேள்வியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

```sql
SELECT id, work_date, created_at
FROM attendance
WHERE work_date <>
  (created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date;
```

`work_date` டேப்லெட் அனுப்பும் தேதி. `created_at` சர்வர் தானே எழுதும் நேரம், நேர மண்டலத்தோடு சேமிக்கப்படுவது. சர்வர் கடிகாரப்படி இந்தியாவில் 12-ஆம் தேதியாக இருக்கும்போது வரிசையில் 11 என்று இருந்தால், தேதி தவறாக விழுந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. (இது போஸ்ட்கிரெஸ் எழுத்துமுறை, வேறு டேட்டாபேஸில் கொஞ்சம் மாறும்.) வந்த வரிசைகள் எல்லாமே காலை 5:30-க்கு முந்தையவை. ஆப் ஏற்க மறுத்தவை சேமிக்கப்படாததால் இதில் வராது. இதில் வந்தவை, யாரும் புகார் சொல்லாமல் தவறான தேதியில் உட்கார்ந்திருந்த பதிவுகள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அவர் கோடில் இருந்தது `new Date().toISOString().slice(0, 10)`. `toISOString` எப்போதும் யூடிசியில்தான் தரும். அவரே ஒட்டிக் காட்டியது:

```js
new Date('2024-03-12T05:29:00+05:30').toISOString().slice(0, 10)
// '2024-03-11'
new Date('2024-03-12T05:31:00+05:30').toISOString().slice(0, 10)
// '2024-03-12'
```

அந்தப் பதிலில் வேலை செய்தது மரியாதை வார்த்தைகள் இல்லை. “நீங்கள் சொன்னது சரி” என்று நான் எழுதியது உபசாரமும் இல்லை. அவர் படிகளை நிஜமாகவே செய்து பார்த்த பிறகுதான் அதை எழுத முடிந்தது. அதைவிட முக்கியம் 5:29, 5:31 என்ற கணிப்பு. எங்கே வரும், எங்கே வராது என்று இரண்டு பக்கமும் சொன்னால் டெவலப்பர் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். “காலையில் வருகிறது” என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் மறுநாள் 7 மணிக்குச் செய்து பார்த்து நான்காவது முறையாக மூடியிருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பது

இருபது முறை தட்டி ஒரு முறை வந்தால் ‘5% வருகிறது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் ஆலைக் கதையில் 5:21-க்கு இருபது முறை தட்டினாலும் இருபது முறையும் வரும், 11 மணிக்கு ஒரு முறைகூட வராது. விகிதம் சொல்வதற்கு முன்னால் வந்த முறைக்கும் வராத முறைக்கும் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்: நேரம், பயனரின் பழைய பதிவுகள், சாதனத்தின் நேர மண்டலம், மொழி அமைப்பு, புதிதாக நிறுவியதா அப்டேட் ஆனதா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடிகாரத்தையும் பயனரையும் சேர்த்தே மாற்றினால் எதனால் வந்தது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியதுதான்.

எப்படிச் சரிசெய்வது என்று பாடம் எடுப்பது

வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள்.

மேனேஜரை சிசியில் போடுவது

மூன்றாவது தடவை மூடியபோது நானும் போட்டேன். அடுத்த இரண்டு நாள் பேச்சு முழுக்க யார் சரியாகப் பார்க்கவில்லை என்பதைப் பற்றியே போனது; 5:30-ஐப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒன்றுமே பிடிபடாதபோது கிடைத்தது போல எழுதுவது

சில பக்குகள் நமக்கே இரண்டாம் முறை வராது. அப்போது டிக்கெட்டை மூடியபடியே விட்டு, நடந்த நேரத்தை நிமிடம்வரை எழுதி, அந்த நேரத்து சர்வர் லாகை உடனே எடுத்து இணைத்து வையுங்கள். பல இடங்களில் லாக் சில நாளில் அழிந்துவிடும். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

திருத்தம் வந்ததும் பழைய படியை மட்டும் ஓட்டுவது

தேதியை இனி சர்வரே இந்திய நேரப்படி முடிவு செய்யும் என்று மாற்றினார்கள். நான் டேப்லெட் கடிகாரத்தை 5:29 ஆக்கித் தட்டினேன், சரியாக வந்தது, மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடப் போனேன். தேதி இப்போது சர்வரிலிருந்து வருகிறது, டேப்லெட் கடிகாரத்தை எவ்வளவு திருப்பினாலும் இந்தச் சோதனை ஒன்றையும் காட்டாது என்று அந்த டெவலப்பர்தான் சொன்னார். மறுநாள் காலை 5:10-க்கு ஆலைக் கேட்டில் போய் நின்றேன்.