தெருக்காரர்களை நடைக்கு அழைக்கும் அறிவிப்பை எழுதுவது எப்படி?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவினரை மூக்கனேரிப் பக்கம் காலை நடைக்கு அழைத்து நான் ஒட்டிய முதல் அறிவிப்பு, "காலை 6 மணிக்கு ஏரிக்கரையில் கூடுவோம், அனைவரும் வருக" என்ற ஒற்றை வரிதான். முதல் நாள் வந்தவர்கள் நால்வர். இருவர் கரையின் ஒரு முனையிலும், நானும் இன்னொருவரும் மறுமுனையிலும் அரை மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். ஏரி நடக்கும் இடமே தவிர, கூடும் இடமன்று. எல்லோரும் வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் வந்து சேரக்கூடிய, விளக்கு எரியும் ஓரிடம் வேண்டும். நாங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலை வைத்துக்கொண்டோம்.

அடுத்தது நேரம். கூடும் நேரம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டாருக்குத் திரும்பும் நேரம் தெரியாவிட்டால், அவர்கள் வாசலைத் தாண்டவே மாட்டார்கள்.

நான் அதிகம் தடுமாறியது "அனைவரும்" என்ற சொல்லில்தான். அது யாரையும் குறிப்பாக அழைக்கவில்லை. ஆண்கள் மட்டும் போவார்கள் என்று பெண்களும், வேகமாக நடப்பார்கள் என்று மூட்டுவலிக்காரர்களும் தாமாகவே முடிவு செய்துகொண்டதைப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டபோதே அறிந்தேன். எதிர்வீட்டு அம்மா, "நான் வந்தா உங்களுக்குத்தான் தாமதம் தம்பி" என்றார். ஆகவே, மே மாதம் மாற்றி எழுதியது இது:

"திங்கள், புதன், வெள்ளி. பிள்ளையார் கோயில் வாசலில் 5.50க்குக் கூடி, 6.00க்குப் புறப்பட்டு, 6.45க்குள் திரும்புவோம். பெண்கள், ஆண்கள், முதியவர்கள் வரலாம். மெதுவாக நடப்பவர்களுடன் ஒருவர் கடைசி வரை வருவார். சிறுவர்கள் பெரியவர் ஒருவருடன் வரவும். மழை பெய்தால் நடை இல்லை. கட்டணம் இல்லை."

அடியில் என் வீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் எழுதினேன். இம்முறை பதினொருவர் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவும் வந்தார்.

வாட்ஸ்அப் குழுவை முதலிலேயே தொடங்குவதை நான் விரும்புவதில்லை. காலை வணக்கப் படங்களுக்கடியில் அறிவிப்பு புதைந்துவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளை வீட்டுக்கு வீடு நேரில் கொடுப்பதே மேல். குழு, மழை நாளில் "இன்று இல்லை" என்று சொல்ல மட்டும் போதும்.

பின்சேர்க்கை: மே இறுதியில் 5.50 அளவில் உதிக்கும் சூரியன், சேலத்தில் ஜனவரி இறுதியில் 6.40 அளவில்தான் உதிக்கிறது. இருட்டில் நாய்கள் துரத்தியதாக இருவர் சொன்ன பிறகு, புறப்பாட்டை 6.30க்குத் தள்ளினோம். அதனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் வர முடியாமல் போகவே, அவர்களுக்காகச் சனி, ஞாயிறு நடையைச் சேர்த்தோம். உங்கள் தாளில் "இந்த நேரம் அக்டோபர் வரை" என்று இப்போதே எழுதிவிடுங்கள்.