மீன் தொட்டிக்குள் ஆழ்கடல் ஓட்டம்: குளிரும் உப்பும் நீரை நகர்த்தும் விதம்

முல்லைத்தீவுக் கரையில் மார்கழி விடியலில் காலை நனைத்தாலும் கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அங்கிருந்து கிழக்கே போய், கடல் மூவாயிரம் மீற்றரைத் தாண்டி ஆழமாகும் இடத்தில் ஒரு வெப்பமானியை அடிவரை இறக்கினால், அது சுமார் 2 பாகை செல்சியஸ் காட்டும். வன்னியில் அந்தக் குளிர் ஐஸ் பெட்டிக்குள் மட்டும்தான் உண்டு. இங்குள்ள எந்த மாரிகாலமும் அந்த நீரைக் குளிரவைத்திருக்க முடியாது. துருவத்தை ஒட்டிய கடலில் குளிர்ந்து, மூழ்கி, அடித்தளத்தோடு ஊர்ந்து வந்த நீர் அது.

வெப்பக் கடலின் அடியில் குளிர் நீர் கிடப்பதை 1751இல் ஹென்றி எலிஸ் என்ற ஆங்கிலேய அடிமைக் கப்பல் தலைவர் அத்திலாந்திக்கில் வாளி இறக்கிக் கண்டார். அந்த நீரில் வைனைக் குளிரவைத்ததோடு அவர் திருப்தியடைந்துவிட்டார். அது துருவத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற விளக்கத்தை ரம்ஃபோர்ட் பிரபு எழுதியபோது நூற்றாண்டே முடியப் போயிருந்தது. அந்த ஓட்டத்தைத்தான் இன்று வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கப் போகிறோம்.

தேவையானவை

45 சென்ரிமீற்றர் நீளமும் 25 அகலமும் உள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்று போதும். அதில் 18 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 20 லீற்றர் வரும். கல் உப்பு 700 கிராம், மீன் வாடியிலோ கடையிலோ வாங்கிய ஐஸ் இரண்டு கிலோ, தடித்த பொலித்தீன் பை ஒன்று, கேக்குக்குப் போடும் நீல நிறம், ஒரு வெப்பமானி. இவற்றோடு பொட்டாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு சில வேண்டும். மருந்துக் கடையில் கொண்டிஸ் என்று கேட்டால் தருவார்கள். கையில் பட்டால் கறை நாலு நாளைக்குப் போகாது, குறட்டால் எடுங்கள்.

படி 1: கடல் நீர் தயாரித்தல்

உலகக் கடல்களின் சராசரி உவர்த்தன்மை கிலோவுக்கு 35 கிராம். அதனால்தான் 20 லீற்றருக்கு 700 கிராம். உப்பை ஒரு வாளியில் கரைத்து, துணியில் வடித்துத் தொட்டியில் ஊற்றுங்கள். தூள் உப்பு வேண்டாம். கட்டியாகாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கலாக்கிவிடும், பிறகு ஓட்டம் தெரியாது.

தொட்டியை நிழலில், ஆட்டமில்லாத மேசையில் வைத்து அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஒரு பக்கத்துக் கண்ணாடியில் வெயில் பட்டாலே அந்தப் பக்க நீர் மேலெழுந்து தனியாக ஓர் ஓட்டத்தை உண்டாக்கும். எங்கள் வீட்டில் நீர் 30 பாகையில் நின்றது.

படி 2: ஐஸ் போடுதல் (நான் பிழைவிட்ட இடம்)

முதல் தடவை நான் நீல நிறம் கலந்து உறையவைத்த ஐஸ் கட்டிகளைத் தொட்டியின் ஒரு மூலையில் நேரடியாகப் போட்டேன். குளிர் நீர் பாரமானது, கீழே இறங்கும் என்று பக்கத்தில் நின்ற மருமகனுக்கு விளக்கமும் சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவன், "மாமா, நீலம் மேலேயே நிற்கிறதே" என்றான். உண்மைதான். உருகிய நீர் ஒரு விரற்கடை தடிப்பில் நீலப் பாய் விரித்தாற்போல மேற்பரப்பில் பரவியிருந்தது. அதற்குக் கீழே நீர் பளிங்குபோல் நிறமற்றுக் கிடந்தது.

ஐஸ் உருகினால் வருவது நன்னீர். ஒரு லீற்றர் நன்னீர் 0 பாகையில் 999.8 கிராம் இருக்கும். நம் தொட்டியின் உப்பு நீர் 30 பாகையில் சூடாக இருந்தும் லீற்றருக்கு 1021.7 கிராம். குளிர் கொடுத்த பாரத்தை உப்பில்லாமை விழுங்கிவிட்டது. மாரியில் நந்திக்கடலுக்குள் வெள்ளம் இறங்கும்போது மேலே நன்னீரும் அடியில் உவர்நீருமாக நிற்பது இதே காரணத்தால்தான். இந்தப் பிழையை நீங்களும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். படி 4இல் அது தேவைப்படும்.

சரியான முறை இது. தொட்டியைக் கழுவிப் புதிய உப்பு நீர் நிரப்புங்கள். ஐஸைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, சிறிது நீல நீரையும் அதற்குள் ஊற்றி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். தொட்டியின் ஒரு முனையில் குறுக்கே தடி வைத்து, பை பாதி மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பைக்குள் நீலம் எதற்கென்றால், பை ஒழுகினால் மேற்பரப்பில் நீலம் பரவிக் காட்டிக்கொடுக்கும். ஒழுகினால் பையை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: ஓட்டத்தைக் காணுதல்

இப்போது நீரின் உவர்த்தன்மை மாறாமல் வெப்பம் மட்டும் குறைகிறது. 5 பாகைக்குக் குளிர்ந்த கடல் நீர் லீற்றருக்கு 1027.7 கிராம், சுற்றியுள்ள நீரைவிட 6 கிராம் கூட. அது பையின் ஓரமாக வழிந்து இறங்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் கொண்டிஸ்.

ஐந்து நிமிடம் கழித்து, தொட்டியின் நடுவில் ஒரே ஒரு பளிங்கை விடுங்கள். அது அடியைத் தொடும்வரை தன் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு நூலை நேராக விட்டுச் செல்லும். அந்த நூலைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். அதன் கால் ஐஸை விட்டு விலகி ஓடும், தலை ஐஸை நோக்கிச் சாயும். அடியில் கிடக்கும் பளிங்கிலிருந்து ஊதா நாக்கு ஒன்று நீண்டு ஓரிரு நிமிடத்தில் மறுமுனைச் சுவரைத் தொட்டுவிடும். மேலே வெப்ப நீர் குளிர் முனைக்குப் போகிறது, கீழே குளிர் நீர் திரும்பி வருகிறது. நூல் அசையாமல் நின்றால் பை போதிய ஆழத்துக்கு மூழ்கவில்லை என்று பொருள்.

படி 4: குளிரா, உப்பா?

தொட்டியை மட்டும் பார்த்தால், குளிர்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று தோன்றும். அது நம் நாட்டு வெப்பத்துக்குப் பொருந்தும், துருவக் கடலுக்குப் பொருந்தாது.

30 பாகையில் உள்ள கடல் நீரை ஒரு பாகை குளிரவைத்தால் கனமீற்றருக்கு ஏறக்குறைய 0.33 கிலோ பாரம் கூடும். 2 பாகையில் உள்ள நீரை அதேபோல் ஒரு பாகை குளிரவைத்தால் கூடுவது 0.08 கிலோ மட்டுமே. குளிரக் குளிர, குளிரின் பலன் தேய்கிறது. உப்பு அப்படியல்ல. கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் எங்கும் கனமீற்றருக்கு 0.75 முதல் 0.8 கிலோவரை பாரம் கூடும். ஆகவே நீர் மூழ்குமா இல்லையா என்பதைத் துருவத்தில் தீர்மானிப்பது பெரும்பாலும் உப்புத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். கிறீன்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள லாப்ரடோர் கடலில் 2 பாகையில் நிற்கும் மேல்நீரில் நன்னீர் கலந்து, உவர்த்தன்மை கிலோவுக்கு அரைக் கிராம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழந்த பாரம் கனமீற்றருக்கு 0.39 கிலோ. அதைக் குளிரால் ஈடுசெய்ய 0.39ஐ 0.08ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 பாகை குளிர வேண்டும், அதாவது -3 பாகைக்குப் போக வேண்டும். கடல் நீரோ -1.9 பாகையிலேயே உறைந்துவிடும். எவ்வளவு கடுங்குளிர் அடித்தாலும் அந்த நீர் மூழ்காது; என் நீலப் பாயைப் போல மேலேயே கிடக்கும்.

இது வெறும் தாள் கணக்கல்ல. 1960களின் இறுதியில் ஆர்க்டிக்கிலிருந்து வழக்கத்தைவிட அதிகமான பனியும் நன்னீரும் கிறீன்லாந்தின் கிழக்குக் கரையோரமாக இறங்கி லாப்ரடோர் கடலுக்குள் புகுந்தன. அங்கே நிறுத்தியிருந்த பிராவோ என்ற வானிலைக் கப்பலின் அளவீடுகளில், 1971 வரை அடுத்தடுத்து மூன்று மாரிகாலம் ஆழக் கலப்பு நின்றுபோனது பதிவாகியிருக்கிறது. 1972இன் கொடிய குளிர்தான் அந்த மூடியை உடைத்தது.

எங்கள் வங்காள விரிகுடாவுக்கும் இதே கணக்கைப் போடலாம். கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டும் நன்னீரால் இங்கே மேல்நீரின் உவர்த்தன்மை பல இடங்களில் 33தான். அந்த நீரை 2 பாகைக்குக் குளிரவைத்தாலும் அது கனமீற்றருக்கு 1026.4 கிலோ, 35 கிராம் உப்புள்ள அத்திலாந்திக் நீர் அதே குளிரில் 1028. வட பசிபிக்கில் கடுங்குளிர் இருந்தும் ஆழ்நீர் உருவாகாததற்கு இதே காரணம். அத்திலாந்திக்கில் ஆவியாகும் நீரில் ஒரு பங்கைக் காற்று மத்திய அமெரிக்காவைத் தாண்டிப் பசிபிக்கில் மழையாகக் கொட்டிவிடுகிறது, உப்பு அத்திலாந்திக்கிலேயே தங்கிவிடுகிறது.

படி 5: எவ்வளவு வெப்பம் போகிறது?

புளோரிடாவுக்கும் ஆபிரிக்கக் கரைக்கும் இடையே வடக்கு 26.5 பாகை அகலக்கோட்டில் 2004 முதல் கருவிகளை நங்கூரமிட்டு இந்த ஓட்டத்தை அளந்து வருகிறார்கள். சராசரி விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் கனமீற்றர். அந்த ஓட்டத்தை இரணைமடுக் குளத்துக்குள் திருப்பினால், வெறுங்குளம் பத்து விநாடிக்குள் வான் பாயும்.

வடக்கே போகும் மேல்நீருக்கும் தெற்கே திரும்பும் ஆழ்நீருக்கும் இடையே 15 பாகை வேறுபாடு என்று கொள்வோம். ஒரு கனமீற்றர் கடல் நீர் ஒரு பாகை குளிரும்போது 41 இலட்சம் யூல் வெப்பத்தை வெளிவிடும். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய ஆயிரம் இலட்சம் கோடி வாற்று வரும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழு வேகத்தில் தருவது 900 மெகாவாற்று. அப்படிப் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் வேண்டும். அந்த வெப்பம் வட அத்திலாந்திக்கின் காற்றுக்குப் போகிறது, மேற்குக் காற்று அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்க்கிறது.

தொட்டி சொல்லாதவை

ஐஸ் தீராமல் மாற்றிக்கொண்டே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஓட்டம் தளர்ந்துவிடும். அடிப்பகுதி முழுவதும் குளிர் நீர் நிறைந்தபின் புதிதாக இறங்குவதற்கு இடமிருக்காது. கடலும் அப்படித்தான் நின்றுபோக வேண்டும். நிற்காததற்குக் காரணம், மூழ்கிய நீரை வேறு கைகள் மேலே இழுத்துவிடுவது. அந்தாட்டிக்காவைச் சுற்றி ஓயாமல் வீசும் மேற்குக் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழ்நீர் அங்கே எழுகிறது. மற்ற இடங்களில் வற்றுப் பெருக்கு அடித்தள மலைகளில் மோதிக் குளிர் நீரையும் வெப்ப நீரையும் கலக்கிவிடுகிறது. ஒரு பென்சிலால் தொட்டியின் மறுமுனையை மெதுவாகக் கலக்கிவிட்டு இன்னொரு பளிங்கைப் போட்டுப் பாருங்கள், நூல் மறுபடி சாயத் தொடங்கும். கடலில் ஒரு சுற்று முடிய ஆயிரம் ஆண்டு அளவில் பிடிக்கும்.

பூமி சுழல்வதும் தொட்டியில் இல்லை. நிஜக் கடலில் அந்தச் சுழற்சியால், தெற்கே திரும்பும் ஆழ்நீர் அமெரிக்கக் கரைப்பக்கம் ஒதுங்கி ஒடுக்கமாக ஓடுகிறது. தொட்டியில் அது அடி முழுவதும் பரவுகிறது.

முடிந்ததும் அந்த நீரை முருங்கையடியில் ஊற்றிவிடாதீர்கள், 700 கிராம் உப்பு சேர்ந்தே போகும். அகலமான தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும். ஊதா ஏறிய அந்த உப்பு கறிக்கு ஆகாது, அடுத்த தொட்டிக்கு எடுத்து வையுங்கள்.